டிக்கெட் பக்கத்துக்கு லாகின் வேண்டுமா, வெறும் லிங்க் போதுமா?

மண்டபம்_தம்பி:
எங்கள் கம்பெனியில் மொத்தம் நான்கு பேர். ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி பக்கம் மீன் வியாபாரிகளுக்கும் ஐஸ் கம்பெனிகளுக்கும் பில்லிங் மென்பொருள் கொடுக்கிறோம். குறைகள் எல்லாம் வாட்ஸப்பில் வந்து விழுந்து காணாமல் போகின்றன. அவர்களே குறையைப் பதிந்து, பதிலையும் அங்கேயே பார்க்கிற மாதிரி டிக்கெட் பக்கம் கட்டப் போகிறேன். லாகின் வேண்டுமா, டிக்கெட் எண் போட்ட லிங்க் போதுமா?

கரைவலை:
லாகின் வைக்காதே தம்பி. விடியற்காலை படகு வந்து சரக்கு இறங்கும் நேரத்தில் எடைச்சீட்டு அச்சாகவில்லை என்றால், ஈரக் கையோடு நிற்கிற கணக்குப்பிள்ளை பாஸ்வேர்டையா யோசிப்பார்? உனக்குத்தான் போன் போடுவார். `/ticket/1042` என்று லிங்க் அனுப்பு. தொட்டால் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிரல்_பாய்:
அண்ணன் சொல்வதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி வம்பு. 1042-ஐ அழித்துவிட்டு 1041 என்று அடித்துப் பாருங்கள், பக்கத்துக் கடைக்காரர் குறையோடு அனுப்பிய பில் படம் வந்து நிற்கும். எந்தப் படகுக்கு எவ்வளவு முன்பணம், இறால் கிலோ என்ன விலைக்குப் போனது, எல்லாம் அதில் இருக்கும். ஒரே துறையில் ஒருவருக்கொருவர் போட்டியாக மீன் எடுப்பவர்கள் இவர்கள்.

எண் என்ன என்று மட்டும் கேட்டு, யாருடையது என்று கேட்காததுதான் தப்பு. இரண்டையும் கேட்க வேண்டும்:

```sql
SELECT * FROM tickets
WHERE id = ? AND customer_id = ?
```

இந்த `customer_id` உள்ளே வந்தவரின் செஷனிலிருந்து வர வேண்டும். முகவரியிலிருந்தோ படிவத்திலிருந்தோ எடுத்தால், அதையும் மாற்றி அடிக்கலாம்.

கரைவலை:
இதற்கு எதற்கு செஷன்? எண்ணுக்குப் பதில் முப்பது எழுத்தில் தாறுமாறாக ஒன்றைப் போட்டால் எவனும் ஊகிக்க முடியாது. வேலை முடிந்தது.

நிரல்_பாய்:
ஊகிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊகிக்கத் தேவையே இல்லையே அண்ணே, ஃபார்வர்ட் செய்தால் போதும். கணக்குப்பிள்ளை வேலையை விட்டு எதிர்க்கடைக்குப் போன பிறகும் அவர் போனில் அந்த லிங்க் திறக்கும்.

நான் செய்வது இது. நீளமான லிங்க்கைத் தொட்டால் அந்த ஒரு டிக்கெட்டின் எழுத்தும் பதிலும் மட்டும் தெரியும். படமும் பழைய டிக்கெட்டுகளும் பார்க்க ஓடிபி. ஒருமுறை போட்டால் அந்தப் போனில் மூன்று மாதம் மறுபடி கேட்காது. டிக்கெட் மூடிச் சில நாளில் லிங்க் செத்துவிடும்.

தம்பி, படங்களை `uploads` ஃபோல்டரில் போட்டு நேரே திறக்கவிடாதே. டிக்கெட் பக்கத்தைப் பூட்டிவிட்டுப் படத்தை வாசலில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதன் முகவரியை லாகின் இல்லாத பிரவுசரில் ஒட்டிப் பார், திறந்தால் ஓட்டை.

ஐஸ்_அக்கா:
பூட்டு இருக்கட்டும் தம்பிகளா, என் கதையைக் கேளுங்கள். நாங்கள் வாங்கிய மென்பொருள்காரர்கள் டிக்கெட்டுக்குப் பதில் அனுப்பினார்கள். திறந்தால், "இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டு நாள் இழு" என்று இருக்கிறது. அவர்களுக்குள் பேசிக்கொண்டது எனக்கு வந்துவிட்டது. அப்புறம் குறை தீராமலே 'முடிந்தது' என்று மூடியும் விட்டார்கள்.

மண்டபம்_தம்பி:
ஐயோ அக்கா. நானும் ஒரே பெட்டி வைத்து, 'உள் குறிப்பு' என்று டிக் போடுகிற மாதிரிதான் நினைத்திருந்தேன்.

நிரல்_பாய்:
அந்த டிக்கை ஒருநாள் யாராவது மறப்பார்கள். உள் குறிப்புக்கு வேறு டேபிள், திரையில் வேறு நிறத்தில் வேறு பெட்டி. வாடிக்கையாளர் பக்கமும் அவருக்குப் போகும் மெயிலும் குறிப்பு டேபிளைத் தொடவே கூடாது. மூடிய டிக்கெட்டில் அவர் ஒரு வரி எழுதினாலும் அது தானாகத் திறந்துகொள்ள வேண்டும். நிலைக்குப் பத்துப் பெயர் வேண்டாம். 'எங்கள் கையில்', 'உங்கள் பதிலுக்கு', 'முடிந்தது', மூன்று போதும்.

கரைவலை:
இதெல்லாம் சரி பாய். ஆனால் ஓடிபி யார் நம்பருக்குப் போகும்? பதிவில் இருப்பது முதலாளி நம்பர். அவர் மதுரையில் கல்யாண வீட்டில் இருப்பார், கணக்குப்பிள்ளை இங்கே முழிப்பார். எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி பதிவு, வாசகத்துக்குத் தனி அனுமதி வேறு. நாலு பேர் கம்பெனி அதற்கு அலையுமா?

நிரல்_பாய்:
ஒரு கடைக்கு மூன்று நம்பர் வைக்கலாம். ஆள் மாறினால் முதலாளி நீக்கிவிடுவார்.

கரைவலை:
நீக்குவார்! பழைய கணக்குப்பிள்ளை பெயரையே இன்னும் போர்டிலிருந்து எடுக்கவில்லை.

மண்டபம்_தம்பி:
அப்படியானால் முதலில் லிங்க், எழுத்து மட்டும். படத்தை வாங்கிக்கொள்கிறேன், ஆனால் எங்கள் பக்கம் மட்டும் தெரியும். ஓடிபி மீன்பிடித் தடைக்காலத்தில்; ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் அவர்களும் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள்.

ஐஸ்_அக்கா:
எங்களுக்கு அப்போதும் ஐஸ் ஓடும் தம்பி, நாட்டுப்படகு போகுமே. அது சரி, பதில் வந்தது எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார முடியாது.