தலைத்தோல் முன்னிழுப்பா, முடிக்கோடு இறக்கலா?

ஜெனிபா, நாகர்கோவில்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு கிளினிக்குல நோயாளிங்களுக்கு குடுக்குற தாள் ஒண்ணு தமிழ்ல எழுதிக்கிட்டிருக்கேன். ஏறுநெத்தி உள்ளவங்களுக்கு முடி தொடங்குற எல்லைய கீழ கொண்டுவர ஆபரேஷன் இருக்குல்லா, ஹேர்லைன் லோயரிங்னு சொல்லுவாங்க, அதுக்கு நான் "நெற்றிக் குறைப்பு அறுவை"ன்னு போட்டேன். டாக்டர் படிச்சிட்டு, இத பாத்தா நெத்தி எலும்ப செதுக்குறோம்னு நெனைப்பாங்க, மாத்துங்கன்னு சொல்லிட்டாரு. நல்ல சொல்லு யாராவது குடுங்க.

முருகன், தக்கலை:
"மயிரெல்லை தாழ்த்தல்". சங்க காலத்துல இருந்தே மயிர்னு தான் சொல்லியிருக்கோம், கெட்ட வார்த்தையா ஆக்குனது நாமதான். தழும்பு முடிக்குள்ள ஒளிஞ்சிரும், வெளிய ஒண்ணும் தெரியாதுங்கறதையும் தாள்ல போட்டிருங்க, ஜனங்களுக்கு பயம் போவும்.

ரெஜி, கருங்கல்:
அண்ணே மயிர்னு போட்டா எங்க ஊருல தாள தூக்கி மூஞ்சில எறிவாங்க. அது கெடக்கட்டும், எனக்கு 34 வயசு, ரெண்டு ஓரமும் ஏறிக்கிட்டே போவுது, அப்பாவுக்கு உச்சி வரைக்கும் போயாச்சு. இந்த ஆபரேஷன் எங்க செய்யலாம், திருவனந்தபுரம் போவணுமா? நெத்திய ஒரே நாள்ல கீழ இறக்கலாம்னா நான் ரெடி.

செல்வி சிஸ்டர், மார்த்தாண்டம்:
ரெஜி தம்பி, இது ஒங்களுக்கு இல்ல. நான் பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டர்ல இருபது வருஷம் நின்னவ, அதனால சொல்லுதேன். இதுல முடி எல்லையில தான் வெட்டு வருது. பொறவு ஒங்க முடி இன்னும் பின்னால போச்சுன்னா வெட்டுன கோடு நெத்தி நடுவுல தனியா வெளிய நிக்கும், அத மறைக்க ஒண்ணும் இருக்காது. அதனால முடி எல்லை அசையாம இருக்கவங்களுக்கு தான் இது, பெரும்பாலும் பொறவியிலயே நெத்தி ஒசரமா இருக்க பொம்பளங்க. வீட்டுல வழுக்கை இருக்கான்னு முதல்ல கேப்பாங்க.

முருகன் அண்ணனுக்கு ஒரு திருத்தம். தழும்பு முடிக்குள்ள இல்ல, முடியும் நெத்தியும் சேருற அந்த விளிம்புலயே வரும், ரெண்டு பக்கமும் பொட்டுக்கு மேல வந்து தான் முடிக்குள்ள நுழையும். "தெரியாது"ன்னு தாள்ல போட்டா நாளைக்கு நோயாளி ஜெனிபாவ தான் கேப்பா. சிலருக்கு தழும்பு தடிச்சு வரும், அது உள்ளவங்கள முன்னாடியே கேட்டு கண்டுபிடிச்சிருவாங்க, காது குத்துன இடம் எப்படி ஆறிச்சுன்னு பாத்தாலே கொஞ்சம் தெரியும்.

முருகன், தக்கலை:
அப்ப எப்படி மறையுது? சாய்வா வெட்டுவாங்கன்னு படிச்சேனே, ரப்பர் மரத்துல பால் வெட்டுற மாதிரி தானே?

செல்வி சிஸ்டர், மார்த்தாண்டம்:
பாதி சரி அண்ணே. ரப்பர் மரத்துல கோடு தான் சாய்ஞ்சு போவுது, இங்க கத்தி சாயுது. நேரா குத்துனா விளிம்புல இருக்க முடிவேர் அந்த வெட்டுலயே போயிரும். கத்திய சரிச்சு வெட்டுனா மேல முடித்தண்டு தான் அறுபடும், வேர் கீழ உயிரோட இருக்கும், நெத்தித்தோலோட விளிம்பு அது மேல படியும். மூணு நாலு மாசத்துல அந்த வேருல இருந்து முடி தழும்பு வழியா முளைச்சு வரும், அதுதான் மறைக்கிறது. கோடும் நேரா இருக்கக்கூடாது, நேரா இருந்தா விக் வச்ச மாதிரி தெரியும், அதனால நெளிச்சு நெளிச்சு வெட்டுவாங்க.

பேரு விஷயத்துக்கு வாறேன். எனக்க தங்கச்சி மவ செஞ்சுக்கிட்டா, அவ கதைய சொன்னா பேரு தானா வந்துரும். அவளுக்கு 26 வயசு, புருவத்துல இருந்து முடி வரைக்கும் 8 சென்டிமீட்டர். முதல்ல டாக்டர் விரல முடி எல்லையில வச்சு தோல மேல தள்ளி பாத்தாரு, பொறவு கீழ இழுத்து பாத்தாரு, அந்த வித்தியாசத்த அளந்தாரு. தோலு இறுக்கமா இருக்கவங்களுக்கு ஒண்ணுமே இழுக்க வராது, இவளுக்கு நல்லா லொடலொடன்னு இருந்துச்சு. மயக்கம் குடுத்து எல்லையில வெட்டி, தலைத்தோல மண்டைய ஒட்டியிருக்க தளர்ந்த அடுக்கு வழியா பின்மண்டை வரைக்கும் கழட்டிவிட்டாங்க. அடியில இருக்க தடிச்ச சவ்வு இறுக்கி பிடிக்குமில்லா, அதுல குறுக்கா கோடு கோடா கீறுனா இன்னும் கொஞ்சம் நீளும். அப்படியே முன்னால இழுத்து, கூடுதலா வந்த நெத்தித்தோல வெட்டி எடுத்து, மண்டையோட்டுல சின்ன துளை போட்டு நூல்ல கட்டி, தையல். 2 சென்டிமீட்டர் இறங்குச்சு, மிச்சம் 6. ஒரு தடவையில பொதுவா ஒண்ணரையில இருந்து ரெண்டரை சென்டிமீட்டர் வரும், அதுக்கு மேல ஆசப்பட்டு இழுத்தா தையல்ல இழுவை கூடி தழும்பு அகலமாயிரும்.

அவளுக்கு வெட்டுக்கு பின்னால உச்சி வரைக்கும் மரத்துப்போயிருந்துச்சு, சீப்பு போட்டா வேற யாரோட தலையவோ சீவுற மாதிரி இருக்குன்னு சொல்லுவா. உணர்ச்சி திரும்ப எட்டு மாசம் ஆச்சு, சில பேருக்கு ஒரு எடத்துல மரப்பு போவாம அப்படியே தங்கிரும். ரெண்டாவது மாசத்துல விளிம்புல முடி கொஞ்சம் கொட்டுச்சு, அழுதுகிட்டு போன் பண்ணுனா, அது பொறவு வளந்துட்டு.

ஆக இங்க நடக்கது தலைத்தோல முன்னால இழுக்கது தான். "தலைத்தோல் முன்னிழுப்பு".

லதா, தோவாளை:
சிஸ்டர், எனக்கும் நெத்தி பெருசு, ஆனா பொறவியில இல்ல. ஸ்கூல் படிக்கறப்ப இருந்தே அம்மா இறுக்கி பின்னி, பிச்சிப்பூ பந்து மாதிரி வச்சு, அந்த பாரத்துலயே ரெண்டு ஓரமும் முடி குட்டி குட்டியா உதுந்து போச்சு. பூ சந்தைக்கு பக்கத்துல வீடு, பூ வைக்காம எப்படி இருக்க. எனக்கு இது சரிப்படுமா?

செல்வி சிஸ்டர், மார்த்தாண்டம்:
ஒங்களுக்கு விளிம்புல முடியே பலவீனமா இருக்கும், நான் சொன்ன அந்த சரிச்ச வெட்டு வேலை செய்ய நல்ல வேரு வேணும். அதோட ஓரம் ரெண்டையும் இழுத்து கீழ கொண்டுவரது கஷ்டம், நடுவுல தான் நல்லா இறங்கும். முதல்ல இறுக்கி பின்னுறத நிறுத்துங்க. ஒரு வருஷம் பாத்தும் ஓரம் நிறையலன்னா, பின்மண்டையில இருந்து முடி எடுத்து நடுறது தான் வழி, முடி நட்டது முழுசா தெரிய ஒம்பது மாசத்துக்கு மேல ஆவும், தழும்பு பின்னால சின்ன புள்ளியா போவும். புருவமும் சேந்து கொட்டுது, எல்லையில தோலு வழவழன்னு இருக்குன்னா மட்டும் நிக்காம தோல் டாக்டர பாருங்க, அது ஒரு நோயா இருக்கலாம், அதுல வெட்டுனாலும் நட்டாலும் நிக்காது.

முருகன், தக்கலை:
அப்ப முடி நடுறதும் "இறக்கல்" தானே? ரெண்டுக்கும் ஒரே பேருன்னா குழப்பம்லா.

ஜெனிபா, நாகர்கோவில்:
அதே தான் அண்ணே, இப்பதான் எனக்கு விளங்குச்சு. "முடிக்கோடு இறக்கல்"னு பொதுவா வச்சுக்கிட்டு, அதுக்கு கீழ "தலைத்தோல் முன்னிழுப்பு" ஒண்ணு, "முடி நடவு" ஒண்ணு. நெத்தி முடிய முன்னால வெட்டி விடுறதையும் ஒரு வழியா சேக்கணும்னு நெனைக்கேன், ஆபரேஷன் வேண்டாங்கறவங்க நெறைய பேரு அதோட நிறுத்திக்கிடுவாங்க.

முருகன், தக்கலை:
நடவுன்னா வயல் மாதிரி இருக்கு. "முன்னிழுப்பு"ம் வலிப்பு நோய் மாதிரி கேக்குது. எனக்கு மயிரெல்லை தான்.

ரெஜி, கருங்கல்:
எனக்கு நடவு ஓகே, வெள்ளாமை வந்தா சரி.

ஜெனிபா, நாகர்கோவில்:
முன்னிழுப்புக்கு பதிலா "முன்னகர்த்தல்"னு போட்டா வலிப்பு ஞாபகம் வராது, ஆனா இழுக்குற இழுவை அதுல விழல. டாக்டர்ட்ட ரெண்டையும் காட்டுதேன். ஒரே தடவையில போதாதவங்களுக்கு தோலுக்கு அடியில ஒரு பைய வச்சு, வாரா வாரம் உப்புத்தண்ணி ஏத்தி பெருசாக்கி தோல வளத்து பொறவு இழுப்பாங்களாமே, அந்த பைக்கு என்ன சொல்ல, "தோல்வளர்ப்புப் பை"யா?

செல்வி சிஸ்டர், மார்த்தாண்டம்:
நாங்க தியேட்டர்ல "பலூன்"னு தான் சொல்லுவோம் பிள்ளே.