தம்பி ஆன்லைன் வந்தும் பழைய வாட்ஸ்அப் மெசேஜ்கள் ஒற்றை டிக்கிலேயே நிற்கின்றன. இனி போகுமா?

தென்றல்வாசல்:
தம்பிக்குச் சரக்குக் கப்பலில் வேலை. மார்ச் 1-ஆம் தேதி நெட் கிடைக்காத கடற்பகுதிக்குள் போனவன், ஏப்ரல் 10 சாயங்காலம்தான் மறுபடி ஆன்லைன் வந்தான். இடையில் மார்ச் 3-லிருந்து நான் தினமும் ஏதாவது அனுப்பிக்கொண்டே இருந்தேன். மார்ச் 12-க்குப் பிறகு அனுப்பியதெல்லாம் அவனுக்குப் போய்விட்டது. 3 முதல் 10 வரை அனுப்பியவை மட்டும் இன்னும் ஒற்றை டிக். அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றி விவரமாகச் சொன்ன வாய்ஸ் மெசேஜும் அதில்தான் இருக்கிறது. இரண்டு நாளாகப் பார்க்கிறேன். இன்னும் காத்திருந்தால் போய்ச் சேருமா?

மணல்வீடு:
ஒற்றை டிக் என்றால் மெசேஜ் உங்கள் போனிலேயே காத்திருக்கிறது என்று அர்த்தம். ஆப்பை மூடித் திறந்து பாருங்கள், போய்விடும்.

குருவிக்கூடு:
உங்களை பிளாக் செய்திருந்தாலும் ஒற்றை டிக்தான் வரும். கோபத்தில் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

தென்றல்வாசல்:
பிளாக் இல்லைங்க, நேற்றுகூட அரை மணி நேரம் பேசினோம். ஆப்பை மூடித் திறந்தும் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை.

செம்பருத்தி72:
காத்திருக்க வேண்டாம், அவை இனி போகாது. அந்த வாய்ஸ் மெசேஜை இப்போதே மறுபடி அனுப்பிவிடுங்கள்.

மணல்வீடு சொன்னது கடிகாரக் குறிக்குப் பொருந்தும். கடிகாரம் தெரியும்வரை மெசேஜ் உங்கள் போனில். ஒற்றை டிக் விழுந்தால் சர்வர் வாங்கிக்கொண்டது. தம்பியின் போன் தொடர்பில் இல்லாததால், அவர் பெயருக்கான வரிசையில் பூட்டிய நிலையிலேயே அதை வைத்திருக்கும். அவர் போன் வந்து வாங்கிக்கொண்டு "கிடைத்தது" என்று பதில் சொன்ன பிறகுதான் இரண்டாவது டிக். சர்வரும் தன் பிரதியை அப்போது அழித்துவிடும்.

வாங்க ஆள் வராவிட்டால் எத்தனை நாள் வைத்திருக்கும் என்பது செயலிக்குச் செயலி மாறும். வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையில் 30 நாள் என்று எழுதியிருக்கிறது. உங்கள் தேதிகளும் அந்தக் கணக்கில்தான் விழுகின்றன. மார்ச் 3-இல் அனுப்பியதற்கு ஏப்ரல் 2-இல் கெடு முடிந்தது. மார்ச் 10-இல் அனுப்பியதற்கு ஏப்ரல் 9. தம்பி வந்தது 10-ஆம் தேதி, அதாவது ஒரு நாள் பிந்தி. ஒவ்வொரு மெசேஜுக்கும் அதை அனுப்பிய நாளிலிருந்து தனித்தனியாக நாள் எண்ணப்படுவதால்தான் முன்பாதி அழிந்து, பின்பாதி பிழைத்தது. சர்வரில் அழிந்ததை உங்கள் போனுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். டிக் அப்படியே ஒற்றையாக நிற்கும்.

ஆலமரநிழல்:
எனக்கு மெயிலில் இதே மாதிரி நடந்தது. ஐந்தாவது நாள் "சேர்க்க முடியவில்லை" என்று திரும்பி வந்துவிட்டது. இதிலும் அப்படி ஒரு தகவல் வரவேண்டுமே?

செம்பருத்தி72:
மெயிலில் காத்திருப்பது அனுப்புபவர் பக்கத்துச் சர்வரில். எதிர்ச் சர்வர் பதில் தராதபோது விட்டுவிட்டு முயன்று பார்க்கும், நான்கைந்து நாளில் கைவிட்டு உங்களுக்கு எழுதும். ஆனால் எதிர்ச் சர்வர் வாங்கிக்கொண்டால் அவர் பெட்டியில் போட்டுவிடும், அவர் ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் இருக்கும். டெலிகிராமின் சாதாரண அரட்டையும் சர்வரிலேயே தங்குவதுதான், அதில் இந்த 30 நாள் பேச்சே இல்லை.

தென்றல்வாசல்:
வாய்ஸ் மெசேஜை மறுபடி அனுப்பிவிட்டேன், உடனே இரட்டை டிக். மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம். தம்பியின் பழைய போன் கடலிலேயே கெட்டுவிட்டது. புதுப் போனில் அதே நம்பரைப் போட்டுத்தான் வந்தான். முதல் ராத்திரி, மார்ச் 12-க்குப் பிறகான மெசேஜ்கள் இருக்கவேண்டிய இடத்தில் `Waiting for this message. This may take a while.` என்றே இருந்ததாம். காலையில் நான் நெட்டை ஆன் செய்ததும் ஒவ்வொன்றாகத் திறந்திருக்கின்றன. ஒன்று மட்டும் இன்னும் அப்படியே. அது ஒரு வீடியோ. இடம் போதாமல் என் பக்கம் அதை அழித்துவிட்டேன்.

செம்பருத்தி72:
இங்கே மணல்வீடு சொன்னது பாதி சரியாகிறது! வரிசையில் இருந்தவை பழைய போனின் சாவிக்குப் பூட்டியவை. புதுப் போனில் சாவி வேறு, சர்வரிடமோ எந்தச் சாவியும் கிடையாது. அதனால் புதுப் போன் "திறக்கவில்லை, மறுபடி அனுப்பு" என்று உங்கள் போனைக் கேட்கும். உங்கள் போன் புதுச் சாவிக்குப் பூட்டி மறுபடி அனுப்பும். ராத்திரி உங்கள் நெட் அணைந்திருந்ததால் கேட்டதற்குப் பதில் இல்லை. சர்வரில் 30 நாளுக்குள் இருந்தாலும், போன் மாறினால் அனுப்பியவரிடம் பிரதி இருந்தாக வேண்டும்.

மணல்வீடு:
அப்போ என் கம்ப்யூட்டரிலும் அதே கணக்கு இணைத்திருக்கிறேனே, அங்கே அந்த வீடியோ மாதிரி ஒன்று அழியாமல் இருந்தால் அது அனுப்பிவிடுமா?

செம்பருத்தி72:
அதை நான் சோதித்ததில்லை. தென்றல்வாசல், உங்களிடம் கம்ப்யூட்டர் இணைப்பு இருந்தால் ஆன் செய்து, தம்பியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

தென்றல்வாசல்:
அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. திங்கட்கிழமை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.