அக்காவுக்கு டிபியா, சார்கோய்டோசிஸா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தக்கலையில் இருக்கும் அக்காவுக்கு வயது 38. இரண்டு மாதமாக வறட்டு இருமல், கணுக்கால் வீக்கம். காய்ச்சலோ எடைக்குறைவோ இல்லை. எக்ஸ்ரேயில் நுரையீரலின் வேர்ப்பகுதியில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிணநீர்க் கட்டிகள் தெரிந்தன. இது டிபியா, இல்லை கிருமித் தொற்று இல்லாமலே உடலின் எதிர்ப்புச் சக்தியால் இப்படிக் கட்டிகள் வரும் சார்கோய்டோசிஸா என்பதுதான் சந்தேகம். டிபி என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வீங்குமாம், ஆனால் நம்ம ஊரில் அதை மட்டும் நம்பி டிபி இல்லை என்று சொல்ல முடியாதாம்.

டிபி இருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ ஊசி போட்ட இடத்தில் தடிப்பே வரவில்லை. சிடி ஸ்கேனில் கட்டிகளின் நடுப்பகுதி அழுகினதுபோல் கருப்பாக இல்லை. திருவனந்தபுரத்தில் ஈபஸ் செய்து, அதாவது மூச்சுக்குழாய்க்குள் ஸ்கேன் கருவி உள்ள குழாயை விட்டு, கட்டியிலிருந்து ஊசியால் சதை எடுத்தார்கள். அதில் இரண்டு நோயிலும் வரும் கிரானுலோமா என்ற அழற்சிச் செல்களின் திரள் இருக்கிறது, டிபியில் வரும் சீஸ் மாதிரியான அழிவு இல்லை. டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை நெகட்டிவ். கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவு வர ஆறு வாரம் ஆகுமாம்.

ஒரு டாக்டர் இப்போதே டிபி மாத்திரை தொடங்கலாம் என்கிறார். இன்னொருவர் ஸ்டீராய்டு என்கிறார். உள்ளே டிபி இருந்தால் ஸ்டீராய்டு அதைக் கிளப்பிவிடும். டிபி மாத்திரையில் கட்டி சுருங்கினாலும் குழப்பம்தான், சார்கோய்டோசிஸ் தானாகவே அடங்குவதும் உண்டு.

மூச்சுத்திணறல் இல்லை, கண் பரிசோதனையும் இயல்பு. இந்த நிலையில் கல்ச்சர் வரும்வரை எந்த மருந்தும் தொடங்காமல் காத்திருக்கலாமா?