சந்தேகம்: 200 ஜிபி முடிந்ததாக நிறுவனம் சொல்கிறது, ரவுட்டர் 183 என்கிறது. வேகம் ஏன் விழுந்தது?

உவர்மலைவாசி (கேள்வி)

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் 4ஜி ரவுட்டர் ஒன்றைப் பாவிக்கிறோம். பக்கேஜின் பெயரில் ‘அன்லிமிடெட்’ என்ற சொல் இருந்தாலும், 200 ஜிபிக்குப் பிறகு வேகம் குறைக்கப்படும் என்று ஒப்பந்தத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். எங்கள் மாதக் கணக்கு 17ஆம் திகதி தொடங்கும். கடந்த 29ஆம் திகதி காலையிலிருந்து இணையம் ஊர்கிறது. முன்பு 30 எம்பிபிஎஸ் அளவில் கிடைத்தது, இப்போது ஒன்றைக்கூடத் தாண்டுவதில்லை.

என் குழப்பம் இதுதான். நிறுவனத்தின் செயலி 200 ஜிபி முழுவதும் முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது. ரவுட்டரின் பக்கத்திலோ 183.6 என்று இருக்கிறது. வீட்டிலுள்ள நான்கு கைபேசிகளையும் மகளின் மடிக்கணினியையும் தனித்தனியாகப் பார்த்துக் கூட்டினால் 96 ஜிபிதான் வருகிறது. மூன்று கணக்கில் எதை நம்புவது? பன்னிரண்டு நாளில் 200 ஜிபியை எங்கள் வீடு உண்மையாகவே முடித்திருக்குமா?

நிலாவெளிக்காற்று

இது கைபேசிக் கோபுரத்தில் உள்ள நெரிசலாகத்தான் இருக்கும். விடுமுறைக் காலத்தில் கடற்கரைப் பக்கம் ஆட்கள் நிறைந்தால் எங்களுக்கும் மாலையில் இப்படித்தான் ஆகிறது. அன்ரெனாவைக் கடற்கரைப் பக்கம் திருப்பி வைத்துப் பாருங்கள். அத்துடன் விபிஎன் ஒன்றைப் போட்டால் நிறுவனத்தின் வேகத்தடையும் போய்விடும்.

கிண்ணியா_மீரா

எனக்கும் இதே பிரச்சினைதான். முகநூல், வாட்ஸ்அப் பாவிக்க மட்டும் உள்ள சிறிய பக்கேஜை கைபேசியில் போட்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தி இணைப்பை அழுத்திப் படித்ததற்கு என் ரீலோட் காசு முழுவதும் போய்விட்டது. ஆகவே நீங்களும் இணைப்புகளைத் திறக்கும்போது கவனமாக இருங்கள்.

பழைய_தந்திக்காரன்

மீரா, உங்களுக்கு நேர்ந்தது வேறு விடயம். அங்கே பக்கேஜில் அடங்காத பாவனைக்குக் காசு வெட்டப்பட்டிருக்கிறது. இங்கே காசு எதுவும் வெட்டப்படவில்லை, இணைப்பின் குழாய்தான் ஒடுக்கப்பட்டிருக்கிறது.

நிலாவெளி நண்பர் சொன்ன நெரிசல் உண்மையாகவே நடப்பதுதான். ஆனால் அதற்கும் ஒதுக்கீடு முடிந்த வேகக்குறைப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். நெரிசல் என்றால் வேகம் நேரத்துக்கு நேரம் மாறும், நள்ளிரவு கடந்தால் நன்றாக ஏறும். ஒதுக்கீடு முடிந்ததென்றால், எந்த நேரத்தில் அளந்தாலும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல ஒரே எண்ணில் நிற்கும். அன்ரெனாவைத் திருப்பினாலும் அந்த எண் அசையாது. காரணம், தடை கோபுரத்தில் இல்லை. நிறுவனத்தின் மையத்தில், இணையத்துக்கு வெளியேறும் வாசலில் இருக்கிறது. அந்த வாசல் உங்கள் சிம்முக்கு உரிய எல்லாத் தரவுப் பொட்டலங்களையும் எண்ணிக்கொண்டிருக்கும். எல்லை தாண்டியதும் கொள்கைச் சேவையகம் ‘இவருக்கு இனி இவ்வளவு வேகம்தான்’ என்ற புதிய விதியை அந்த வாசலுக்கு அனுப்புகிறது.

விபிஎன் இங்கே உதவாது. குறிப்பிட்ட ஒரு செயலியை மட்டும் அடையாளம் கண்டு மெதுவாக்கும் தடையை அது ஏமாற்றக்கூடும். முழு இணைப்புக்கும் போட்ட தடைக்கு, உள்ளே என்ன போகிறது என்பது ஒரு பொருட்டே அல்ல. போதாததற்கு விபிஎன் தன் உறையையும் சேர்த்து எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டிவிடும்.

உவர்மலை நண்பரே, காலை, பிற்பகல், நள்ளிரவுக்குப் பின் என மூன்று தடவை வேகத்தை அளந்து, பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டையும் எழுதுங்கள்.

உவர்மலைவாசி

நன்றி ஐயா. நேற்றும் இன்றுமாக அளந்தேன். காலை 6.30க்குப் பதிவிறக்கம் 0.97, பதிவேற்றம் 0.21. பிற்பகல் 2 மணிக்கு 0.96, 0.95. அதிகாலை 2 மணிக்கு 0.97, 0.24. எல்லாம் எம்பிபிஎஸ் கணக்கு. ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரு எம்பிபிஎஸ் என்றாலும் காலையில் ஒரு செய்திப் பக்கம் திறக்க அரை நிமிடம் எடுக்கிறது, பிற்பகலில் அவ்வளவு மோசமில்லை.

பழைய_தந்திக்காரன்

பதிவிறக்கம் மூன்று வேளையும் அசையாமல் நிற்பதால் இது ஒதுக்கீடு முடிந்த வேகக்குறைப்புத்தான், எல்லை 1 எம்பிபிஎஸ். அந்த வேகத்தில் ஒரு ஜிபி இறங்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

ஆனால் என் கண்ணில் பட்டது பதிவேற்றம். பிற்பகலில் முழுதாகக் கிடைப்பது இரவிலும் காலையிலும் கால் பங்காகிவிடுகிறது. உங்கள் வீட்டிலிருந்து ஏதோ ஒன்று அந்த நேரங்களில் தொடர்ந்து வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கத்தை இறக்குவதற்கும் கோரிக்கைகளும் ‘கிடைத்தது’ என்ற பதில்களும் மேலே போயாக வேண்டும். மேலே போகும் வழி அடைபட்டால் கீழே வரும் வழியும் தடுமாறும். உங்கள் அரை நிமிடத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். வீட்டில் கண்காணிப்புக் கமரா உண்டா?

உவர்மலைவாசி

உண்டு. வாசல் கேற்றைப் பார்த்தபடி ஒன்று இருக்கிறது. ரொறன்ரோவில் உள்ள மச்சான் வாங்கித் தந்தது. மாமி தனியாக இருக்கும் நேரங்களில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே செயலியில் திறந்து பார்ப்பார். அதைப் பதிவு செய்வதற்கு மாதச் சந்தா எதுவும் கட்டவில்லை. ஆகவே அது டேட்டா எடுக்காது என்று நினைத்திருந்தேன்.

பழைய_தந்திக்காரன்

பதிவு செய்யாவிட்டாலும், யாராவது வெளியிலிருந்து பார்க்கும் ஒவ்வொரு நொடியும் படம் உங்கள் ரவுட்டர் வழியாகத்தான் மேலே போகிறது. கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பிந்தியது. நமது பிற்பகல் 2 மணி அவருக்கு அதிகாலை 4.30, அவர் உறங்குகிறார். நமது காலை 6.30 அவருக்கு இரவு 9 மணி. நீங்கள் அளந்த எண்களுடன் இது பொருந்துகிறது அல்லவா? அதிகாலை 2 மணிக்குக் கமராவின் மின்செருகியைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

தம்பலகாமம்_லினக்ஸ்

பாவனையை அறிய எல்லாவற்றிலும் எளிய வழி vnStat. என் மடிக்கணினியில் நிறுவியிருக்கிறேன், மாதக் கணக்கை ஒரே வரியில் தரும்.

```
vnstat -m
```

/etc/vnstat.conf கோப்பில் MonthRotate என்பதை 17 ஆக மாற்றினால் உங்கள் கணக்குத் திகதியுடனும் பொருந்தும். இதைப் பார்த்துக்கொண்டால் வேறு எதுவும் தேவையில்லை.

பழைய_தந்திக்காரன்

தம்பி, கருவி நல்லது, MonthRotate பற்றிய குறிப்பும் சரி. ஆனால் மடிக்கணினியில் ஓடும் vnStat அந்த மடிக்கணினி வழியாகப் போனதை மட்டுமே எண்ணும். தொலைக்காட்சியையும் கமராவையும் அது பார்க்காது. உவர்மலை நண்பருடைய 96 ஜிபி குறைந்ததும் இதே காரணத்தால்தான். முழு வீட்டையும் எண்ணுவது ரவுட்டர் ஒன்றே.

உவர்மலைவாசி

கமராவைக் கழற்றிவிட்டு அதிகாலையில் அளந்தேன். பதிவேற்றம் 0.95! மச்சானிடம் கேட்டேன். பழைய ரப்லெட் ஒன்றைச் சுவரில் மாட்டி, எங்கள் கேற்றைக் கடிகாரம்போல நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட விட்டிருக்கிறாராம். அவரைக் கோபிக்கவும் முடியவில்லை, தாயின் வீட்டைத்தானே பார்க்கிறார்.

பழைய_தந்திக்காரன்

அப்படியானால் கணக்குப் போடலாம். கமராவின் படம் சுமார் 1 எம்பிபிஎஸ் என்று வைத்தால் மணிக்கு 0.45 ஜிபி, பத்து மணி நேரத்துக்கு 4.5, பன்னிரண்டு நாளுக்கு 54 ஜிபி. உங்கள் 96உடன் சேர்த்தால் 150. மீதி முப்பது சொச்சம் தொலைக்காட்சியாக இருக்க வேண்டும். தெளிவான தரத்தில் நாளுக்கு இரண்டு மணி நேரம் காணொளி பார்த்தாலே அந்த அளவு போய்விடும்.

இனி 183.6க்கும் 200க்கும் உள்ள வித்தியாசம். பல ரவுட்டர்கள் 1024ஆல் மூன்று முறை வகுத்து வரும் எண்ணை ஜிபி என்று காட்டுகின்றன. நிறுவனம் 1000ஆல் வகுத்தால் அதே பாவனை அங்கே 7.4 சதவீதம் பெரிதாகத் தெரியும். 183.6ஐ 1.0737ஆல் பெருக்கினால் 197.1. நிறுவனம் எப்படி எண்ணுகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு எண்கள் உங்களிடம் இருந்தால் வகுத்துப் பாருங்கள்.

உவர்மலைவாசி

மகள் 24ஆம் திகதி மாலை இரண்டையும் படம் எடுத்து வைத்திருக்கிறாள். செயலியில் 118.1, ரவுட்டரில் 109.4. வகுத்தால் ஏறத்தாழ 1.08. நீங்கள் சொன்னதற்கு அருகில்தான் வருகிறது. ஆனாலும் கடைசியில் கிட்டத்தட்ட மூன்று ஜிபி குறைகிறதே?

பழைய_தந்திக்காரன்

அந்த மூன்று ஜிபிக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. சில ரவுட்டர்கள் எண்ணிக்கையை இடைவெளி விட்டுத்தான் நினைவகத்தில் எழுதும். நடுவில் கறண்ட் போனால் கடைசியாக எழுதிய பிறகு எண்ணியது அழிந்துவிடும். 24ஆம் திகதிக்குப் பின் உங்கள் பக்கம் மின்வெட்டு இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நிறுவனத்தின் எண்ணையே இறுதியானது என்று கொள்வேன், ஏனெனில் வேகத்தை வெட்டுவது அதுதான். ஆனால் அதை நொடிக்கு நொடி நம்பமாட்டேன். நிறுவனத்தின் மையத்திலுள்ள அந்த வாசல் பாவனையைத் துண்டு துண்டாகத்தான் கணக்குக்கு அறிவிக்கும். செயலிக்கு அது வந்து சேர இன்னும் தாமதமாகலாம். ‘மீதி 4 ஜிபி’ என்று பார்த்துவிட்டுப் படம் ஒன்றை ஓட விட்டால் நடுவழியில் நின்றுபோகலாம். அன்றாடக் கவனிப்புக்கு ரவுட்டரே வசதியானது. 192.168.8.1 என்ற முகவரியில் திறக்கும் வகை என்றால் Statistics பக்கத்தில் தொடக்கத் திகதியை 17 ஆக்குங்கள். பலரிடம் அது 1ஆம் திகதியிலேயே கிடக்கும், பிறகு எந்த எண்ணும் பொருந்தாது. மாத எல்லையாக 200 என்று எழுதாமல் 186 என்று எழுதுங்கள். உங்கள் ரவுட்டர் எண்ணும் அலகில் நிறுவனத்தின் 200 அதுதான். நாளுக்கு ஆறு சொச்சம் என்பது உங்கள் அளவு. பத்தாம் நாள் முடிவில் ரவுட்டர் 62ஐத் தாண்டியிருந்தால் மாதம் முழுவதும் தாங்காது.

நிலாவெளிக்காற்று

ரவுட்டர் பக்கத்தில் Clear history என்று ஒன்று இருக்கிறதே, அதை அழுத்தினால் எண்ணிக்கை பூச்சியமாகும். பிறகு வேகம் திரும்பாதா?

பழைய_தந்திக்காரன்

திரும்பாது. உங்கள் வீட்டுக் குறிப்பேட்டை நீங்கள் கிழித்தால் கடைக்காரரின் குறிப்பேடு மாறுமா?

உவர்மலைவாசி

திகதியையும் எல்லையையும் மாற்றிவிட்டேன். மச்சான் ரப்லெட்டை இறக்கிவிட்டு, கேற்றில் அசைவு தெரிந்தால் மட்டும் அறிவிப்பு வரும்படி கமராவை வைத்திருக்கிறார். படத்தின் தரத்தையும் குறைத்திருக்கிறார். காலையில் செய்திப் பக்கம் இப்போது நான்கைந்து நொடியில் திறக்கிறது, வேகம் அதே 0.97தான். 27ஆம் திகதியும் 28ஆம் திகதியும் இங்கே கறண்ட் போய் வந்தது உண்மை, ஆனால் அதற்கு மூன்று ஜிபி போகுமா என்று தெரியவில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. 17ஆம் திகதி பிறந்ததும் வேகம் தானாகவே திரும்புமா, அல்லது நான் ஏதாவது செய்ய வேண்டுமா?

கிண்ணியா_மீரா

என் தம்பியின் ரவுட்டரில் புதிய மாதம் தொடங்கி அரை நாள் கடந்தும் பழைய வேகம் வரவில்லை. அணைத்துப் போட்ட பிறகுதான் வந்தது.

பழைய_தந்திக்காரன்

மீரா சொல்வது சரி. ரவுட்டர் நாட்கணக்கில் ஒரே இணைப்பமர்வைப் பிடித்துக்கொண்டிருந்தால் புதிய விதி அதற்கு வந்து சேராமல் நிற்பதுண்டு. அணைத்துப் போட்டால் புதிய அமர்வு, புதிய விதி. அதற்குப் பிறகும் 0.97ஐ விட்டு அசையாவிட்டால் நிறுவனத்தை அழையுங்கள், உங்கள் மகள் எடுத்ததுபோல இரண்டு எண்களின் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.