சுருளில் திரும்பத் திரும்ப வரும் சேதத்துக்கு என்ன பெயர்?

மங்கை எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

சாக்கடலோரக் குகைகளில் கிடைத்த பழைய தோல் சுவடிகளான சாக்கடல் சுருள்களைப் பற்றிய நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்.

அக்கரையில் உள்ள கும்ரானின் நான்காம் குகையில் 1952இல் கிடைத்தவை ஏறத்தாழ 15,000 துண்டுகள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுவடிகளில் எஞ்சியவை அவை. ஓரத்தோடு ஓரம் பொருந்துகிற துண்டுகளைச் சேர்த்துவிடலாம். இடையில் உள்ளது அழிந்துபோய், ஒன்றையொன்று தொடாத துண்டுகளை எப்படி வரிசைப்படுத்துவது? ஹார்ட்முட் ஷ்டேகமன் என்ற ஜெர்மானிய அறிஞர் இதற்கு ஒரு முறையை வகுத்தார். சுருட்டிக் கிடந்தபோது பூச்சியோ ஈரமோ ஓரிடத்தில் அரித்தால், அந்தக் குழி உள்ளே இருக்கும் அடுத்தடுத்த சுற்றுகளிலும் இறங்கும். விரித்துப் பார்த்தால் ஒரே வடிவச் சேதம் இடைவெளி விட்டு வந்துகொண்டே இருக்கும். அதை வைத்து எந்தத் துண்டு எங்கே என்று சொல்லலாம்.

இந்தச் சேதத்துக்குத்தான் சொல் வேண்டும். இப்போதைக்கு 'மீள்சிதைவு' என்று எழுதியிருக்கிறேன். சிதைந்தது மறுபடியும் சிதைந்ததாகப் பொருள்படுவதால் மனம் ஒப்பவில்லை.

அரங்கநாதன் எழுதியது:

மங்கை அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது: மடக்கு. மடக்கணியில் வந்த எழுத்துகளே மறுபடியும் வரும், பொருள் மட்டும் வேறாகும். உங்கள் சுருளில் அதே வடிவம் மறுபடியும் வருகிறது, அதைச் சுற்றியுள்ள வாசகம் மட்டும் வேறு. இதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையுமா? மேலும் 'மட' என்ற அடியே வளைவைக் குறிப்பது. மடங்கு, மடி, மடல், மடக்கு எல்லாம் அங்கிருந்து கிளைத்தவை. 'இரு மடங்கு' என்னும்போது எண்ணிக்கையும் அதில் சேர்ந்துவிடுகிறது. வளைவு, திரும்பல், எண்ணிக்கை மூன்றும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. தண்டியலங்காரத்தில் மடக்கின் வகைகளைப் பார்த்தால், இடைவிட்டு வருவது, இடைவிடாது வருவது என்று நமக்குத் தேவையான பகுப்பும் ஆயத்தமாக இருக்கிறது.

செல்வி எழுதியது:

ஐயா, அணியிலக்கணம் படித்தவர்களுக்கு அது இனிக்கும். நான் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறேன். 'மடக்குச் சேதம்' என்று எழுதினால் பிள்ளைகள் காகிதத்தை மடித்த கோட்டில் கிழிவதைத்தான் நினைப்பார்கள். சுருள் மடிந்ததே இல்லை, சுருண்டது. ஆசிரியர் பக்கத்தில் நின்று விளக்கினால்தான் புரியும் சொல் பாடத்துக்கு உதவாது.

'சுற்றுத்தழும்பு' என்று வைத்தால் என்ன? ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தழும்பு. சுருளும் தோல்தானே.

இருதயராஜ் எழுதியது:

குகைச் சுருள்கள் ஏன் கெடவில்லை என்பதுதான் கேள்வி என்று நினைக்கிறேன். சாக்கடலின் உப்புக் காற்றுதான் காரணம், கருவாடு கெடாததுபோல. சுருள்களை ஜாடிக்குள் வைத்து மூடியதால் பூச்சியும் அண்டவில்லை.

எங்கள் வீட்டில் தாத்தாவின் வைத்திய ஓலைச்சுவடி ஒரு கட்டு இருக்கிறது. பூச்சி துளைத்த ஓட்டை பத்துப் பன்னிரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் இருக்கிறது. ஏடுகள் கலைந்தபோது அந்த ஓட்டையைப் பார்த்துத்தான் அடுக்கினேன். ஆக, இது ஜெர்மானியர் கண்டுபிடிக்க வேண்டிய முறையன்று. ஒடிந்த ஏடுகளுக்குச் செல்லோ டேப் ஒட்டியிருக்கிறேன், உறுதியாக நிற்கிறது.

கமலநாதன் எழுதியது:

இருதயராஜ் அண்ணா, முதலில் டேப். தயவுசெய்து மேற்கொண்டு ஒட்டாதீர்கள். 1950களில் ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் சுருள் துண்டுகளைச் செல்லோ டேப்பால்தான் ஒட்டினார்கள். பசை தோலுக்குள் ஊறி, இடம் கறுத்து, எழுத்தே மறைந்துபோனது. 1991 முதல் அந்தப் பசையை எடுக்கும் வேலை நடக்கிறது. ஒட்டியதை நீங்களே பிய்க்கவும் வேண்டாம், சுவடிக் காப்பாளரிடம் கொண்டுபோங்கள்.

உப்பைவிட வறட்சியும் இருட்டும்தான் பெரிய காரணம். தோலுக்கு எதிரி ஈரம். ஈரம் ஏறினால் தோலின் நார் கரைந்து பசையாகிவிடும், காய்ந்ததும் கறுத்து ஒரே கட்டியாக இறுகும். பிரிக்கவும் முடியாது, படிக்கவும் முடியாது. ஜாடி உதவியது என்பதும் பாதி உண்மைதான். முதல் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் 7.34 மீட்டர் நீளம், 54 பத்தி, ஏறக்குறைய முழுமையாக இருக்கிறது. நான்காம் குகையில் பெரும்பாலும் ஜாடியே இல்லை. சுருள்கள் தரையில் கிடந்து மண்ணோடு மண்ணாயின. அதே ஊர், அதே வானிலை. 15,000 துண்டுகள் என்று மங்கை எழுதியது அந்தக் குகையைத்தான்.

ஓலைக்கட்டோடு ஒப்பிட்டது நல்ல ஒப்பீடு. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஏட்டில் ஓட்டை எப்போதும் அதே இடத்தில் இருக்கும். சுருளில் உள்ளே போகப் போகச் சுற்று சிறுத்துக்கொண்டே வருவதால், ஒரு தழும்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியும் சிறுக்கும். முறையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தோலின் கனம் அரை மில்லிமீட்டர் என்றால் இடைவெளி சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் குறையும். ஒரு துண்டில் தழும்புகளின் இடைவெளி 96, 93, 90 மில்லிமீட்டர் என்று இடப்பக்கமாகக் குறைகிறது. எபிரேயம் வலமிருந்து இடம் போவதால், நூலின் முடிவு உட்புறம் இருந்தது என்று தெரிகிறது. 90-க்கு உள்ளே மூன்று மூன்றாகக் குறைத்தால் இன்னும் ஏறத்தாழ 29 சுற்று. கூட்டினால் 1.3 மீட்டர். நடுவில் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், அதைக் கழித்தால் அந்தத் துண்டுக்குப் பிறகு நூல் எவ்வளவு போயிற்று என்று தெரிந்துவிடும்.

தவறும் நேரும். தளர்வாகச் சுருட்டியிருந்தாலோ தோல் ஓரிடத்தில் அதிகமாகச் சுருங்கியிருந்தாலோ அளவு பொய்யாகும். சில சுருள்கள் தொடக்கம் உள்ளே போகும்படி சுருட்டப்பட்டவை. படித்து முடித்தவர் திருப்பிச் சுற்றாமல் வைத்திருக்கலாம். அதனால் கையெழுத்து, வரி இடைவெளி, தோலின் தன்மை மூன்றும் ஒத்துவர வேண்டும். எரேமியா நூலின் இரண்டு துண்டுகளை ஒரே சுருள் என்று எண்ணியிருந்தார்கள். 2020இல் வெளியான மரபணு ஆய்வில் ஒன்று ஆட்டுத்தோல், மற்றொன்று மாட்டுத்தோல் என்று தெரிந்தது.

சொல்லைப் பொறுத்தவரை என் வாக்கு செல்வி அம்மாவுக்கு.

அரங்கநாதன் எழுதியது:

மடக்கை விட்டுவிடுகிறேன், மடிப்பு என்று புரிந்துகொள்வார்கள் என்பது நியாயம். ஆனால் தழும்பு என்றால் ஆறிய புண். உயிருள்ள தோலில் சதை வளர்ந்து மூடுவது. உரித்துப் பதப்படுத்திய தோல் எப்படி ஆறும்? 'வடு' என்று சொல்லுங்கள். வள்ளுவர் ஆறாதே நிற்பதற்கு அந்தச் சொல்லைத்தான் ஆண்டார். சுற்றுவடு. எழுத்தும் குறைவு.

செல்வி எழுதியது:

வடு என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாவடு, ஐயா. தழும்பு என்றால் தம் முழங்காலைப் பார்த்துக்கொள்வார்கள். இடைவெளி குறைவதையும் சொல்லுக்குள் கொண்டுவர முடிந்தால் நன்றாக இருக்கும், எனக்கு எதுவும் தோன்றவில்லை.

இருதயராஜ் எழுதியது:

டேப் ஒட்டிய ஏழு ஏடுகளை இன்று எடுத்துப் பார்த்தேன். இரண்டில் விளிம்பு பழுப்பேறியிருக்கிறது. கமலநாதன் தம்பி, உங்களுக்குத் தனிமடல் எழுதுகிறேன்.

மங்கை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 'சுற்றுத்தழும்பு' என்றே எழுதுகிறேன், மூன்று பேர் அதை ஏற்றிருக்கிறோம். இடைவெளி குறைவதற்கு வாக்கியமாகவே எழுதிவிட்டேன், கமலநாதனின் கணக்கையும் அடிக்குறிப்பில் சேர்த்தேன். அரங்கநாதன் ஐயாவின் மறுப்பில் நியாயம் இருப்பதால் சொல்லடைவில் 'சுற்றுவடு என்பாரும் உளர்' என்று ஒரு வரி வைத்திருக்கிறேன்.

அரங்கநாதன் எழுதியது:

வரிக்கு நன்றி. ஆறாததைத் தழும்பு என்று அச்சிடுவதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. இரண்டாம் பதிப்பின்போது மறுபடியும் எழுதுவேன்.