புதுப்பிப்பு: ஆர்டிஎக்ஸ் 3080 அண்டர்வோல்ட், எஃப்பிஎஸ் என்ன ஆச்சு?

என் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு பற்றி முன்பு நான் கேட்ட கேள்வி: "வோல்டேஜைக் குறைத்தால் சூடும் ஃபேன் சத்தமும் குறையுமா, எஃப்பிஎஸ் அடிவாங்குமா?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை செய்தது, எந்த வோல்டேஜுக்கு எவ்வளவு கிளாக் வேகம் என்பதை மாற்றும் கர்வ் எடிட்டர் யோசனைதான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் Ctrl+F அழுத்தி, 875 மில்லிவோல்ட் புள்ளியை 1860 மெகாஹெர்ட்ஸில் வைத்து, அதற்கு வலப்பக்கம் உள்ளதையெல்லாம் அதே மட்டத்துக்கு இறக்கி Apply கொடுத்தேன். 320 வாட் இழுத்த கார்டு இப்போது 255 பக்கம் நிற்கிறது, சூடு 77-லிருந்து 69 டிகிரி, ஃபேன் இருக்கிறதா என்றே சந்தேகம் வருகிறது. எஃப்பிஎஸ் ஒன்றிரண்டு போயிருந்தால் அதிகம்.

பவர் லிமிட்டை மட்டும் இறக்கச் சொன்னவர் பாதி சரி. சூடு குறைந்தது, ஆனால் கிளாக்கும் கூடவே இறங்கியது.

எதிர்பாராத விஷயம், 825 மில்லிவோல்ட்டில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் மணிக்கணக்கில் ஓடியது, ரே டிரேசிங் கேமைத் திறந்தால் மட்டும் கிராஷ். ஏன் என்று இன்னும் புரியவில்லை.

அப்புறம், லேப்டாப்புக்கு இதே எண்களைக் கேட்டவருக்கு: அப்படியே போடாதீர்கள், ஒரே மாடலில்கூட சிப்புக்குச் சிப் மாறும்.