நட்ட மறுநாளே கத்தரி நாற்று துவண்டுவிட்டது, தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை

உறையூர் மாடி
திருச்சி, மேற்கு பார்த்த மொட்டை மாடி. குழித்தட்டில் வளர்த்த கத்தரி நாற்று பத்து வாங்கி, ஞாயிறு சாயங்காலம் 12 அங்குலப் பைகளில் நட்டேன். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சமமாகக் கலந்த மண். மறுநாள் பதினோரு மணிக்கெல்லாம் எல்லாமே துணி மாதிரி தொங்கிவிட்டன. பயந்துபோய் காலையும் மாலையும் பைக்கு இரண்டு மக் ஊற்றி வருகிறேன். பை கனமாகத்தான் இருக்கிறது, நாற்று மட்டும் நிமிரவில்லை. தண்ணீர் போதவில்லையா? கொஞ்சம் டி.ஏ.பி. கரைத்து ஊற்றலாமா?

கொள்ளிடக்கரை
தம்பி, பிடுங்கி நட்டால் வாடத்தான் செய்யும். நாங்கள் பாத்தியில் தண்ணீரைக் கட்டி, ஈரத்திலேயே நடுவோம். மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அதற்கு நடுவில் எட்டியும் பார்ப்பதில்லை. நீங்கள் இரண்டு நாள் தண்ணீர் காட்டாமல் விடுங்கள், வேர் தானாக ஈரத்தைத் தேடி இறங்கும்.

மல்லிகை வீடு
எனக்கும் இதேதான்! வண்டியில் வந்த ரோஜா வாங்கி, தொட்டியில் வைத்த வாரமே இலையெல்லாம் கொட்டிவிட்டது. அடியில் களிமண் உருண்டை கல் மாதிரி இருந்தது. அதை உடைத்துவிட்டு வைத்திருக்க வேண்டுமா?

நாற்றங்கால்காரன்
உறையூர் சார், ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் வந்த பிறகு மற்றதைப் பேசலாம். மதியம் வாடுகிற நாற்று காலை ஆறு மணிக்கு எப்படி இருக்கிறது? காலையில் நிமிர்ந்து நின்றால் கவலையில்லை. வெயிலில் இலை விடுகிற ஈரத்தை வேரால் ஈடுகட்ட முடியவில்லை, ராத்திரியில் சரிக்கட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். காலையிலும் தொங்கினால் விஷயம் வேறு.

இன்னொன்று. தண்டை ஒட்டி விரலால் லேசாகக் கிளறிப் பாருங்கள். பையின் ஓரத்தில் அல்ல, நாற்றோடு வந்த அந்தக் கட்டியில். அது ஈரமா, காய்ந்திருக்கிறதா?

டி.ஏ.பி.யை இப்போது தொடவே வேண்டாம். அறுந்த வேருக்குப் பக்கத்தில் உப்பு கூடினால், இருக்கிற ஈரத்தையும் வேரால் எடுக்க முடியாது.

உறையூர் மாடி
காலையில் எழுந்ததும் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். எட்டு நாற்று நிமிர்ந்து நிற்கின்றன. இரண்டு மட்டும் அப்படியே தொங்குகின்றன.

கட்டியைக் கிளறியதில்தான் ஆச்சரியம். நிமிர்ந்த எட்டிலும் அது தூள் மாதிரி காய்ந்திருக்கிறது, விரலில் ஒட்டக்கூட இல்லை. அரை அங்குலம் தள்ளித் தொட்டால் சொதசொதவென்று ஈரம். நாற்று சாய்ந்துவிடக் கூடாதென்று பை ஓரமாகத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். கட்டியின் மேல்பக்கம் மண்ணுக்கு மேலே கொஞ்சம் துருத்திக்கொண்டும் இருக்கிறது.

நாற்றங்கால்காரன்
அந்த எட்டுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. வேர் முழுக்க இன்னும் அந்தக் கட்டிக்குள்தான் இருக்கிறது, வெளியே வர ஒரு வாரமாவது ஆகும். கட்டி நார்க்கழிவு. மேலே துருத்திக்கொண்டிருந்தால் அந்த வழியாகவே ஈரம் காற்றில் போய்விடும். ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டால் லேசில் தண்ணீர் குடிக்காது, ஊற்றுவது பக்கவாட்டில் வழிந்து ஓடிவிடும். நாற்று தாகத்தில் கிடக்கிறது, பை சேறாகிறது.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரைத் தண்டை ஒட்டி மெதுவாக, சொட்டுச் சொட்டாக விடுங்கள். கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை. அப்போதுதான் கட்டி ஊறும். பிறகு துருத்திய இடத்தை விரல் கனத்துக்கு மண் போட்டு மூடுங்கள், தண்டைப் புதைக்க வேண்டாம். தக்காளி என்றால் தண்டு புதைந்தாலும் வேர் விடும். கத்தரியில் அந்தச் சோதனை வேண்டாம்.

நாளையிலிருந்து காலையில் ஒரு டம்ளர், அதாவது 150 முதல் 200 மில்லி, தண்டடியில் மட்டும். சாயங்காலம் கட்டியைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் இன்னும் அரை டம்ளர். பையின் மற்ற பாகத்துக்கு இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், அங்கே ஏற்கெனவே அதிகம்.

நிழல்: 50 சதவீதப் பச்சை வலை இருந்தால் தலைக்கு மேலே இரண்டு அடி உயரத்தில் கட்டுங்கள், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். வலை இல்லையென்றால் தென்னங்கீற்றை மேற்குப் பக்கம் சாய்த்து வையுங்கள். காலை ஒன்பது, பத்து மணி வரை வெயில் படட்டும், அது நல்லது. பிளாஸ்டிக் கவரால் மூட மட்டும் வேண்டாம், உள்ளே வெந்துவிடும். பையை இரண்டு செங்கல் மேல் ஏற்றிவிடுங்கள். சித்திரையில் தளத்துச் சூடு அடி வழியாக ஏறும்.

கொள்ளிடக்கரை அய்யா சொன்னது வயலுக்குச் சரி. அங்கே நடும்போதே பாத்தி முழுக்க ஊறியிருக்கும், கீழேயும் ஈரம் நிற்கும். மாடியில் இந்தக் கட்டி ஒரே மதியத்தில் காய்ந்துவிடுகிறதே, மூன்றாம் நாள் வரை எப்படித் தாங்கும்?

கொள்ளிடக்கரை
சரி, பைக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் நடும்போது பெரிய இலைகளைப் பாதியாகக் கிள்ளிவிடுவோம். இலை குறைந்தால் வாட்டமும் குறையும். அதையாவது செய்யச் சொல்லுங்கள்.

நாற்றங்கால்காரன்
பிடுங்கு நாற்றுக்கு நானும் அதைச் செய்திருக்கிறேன். குழித்தட்டு நாற்றுக்குச் செய்வதில்லை, இருப்பதே நான்கைந்து இலை, புது வேருக்குச் சாப்பாடு அதிலிருந்துதான் வர வேண்டும். பூமொட்டு இருந்தால் மட்டும் கிள்ளிவிடுவேன்.

கொள்ளிடக்கரை
எங்கள் ஊரில் எல்லா நாற்றுக்கும் கிள்ளுகிறோம், நன்றாகத்தான் வருகிறது.

உறையூர் மாடி
நான் நான்கில் கிள்ளி, நான்கில் விட்டுவைக்கிறேன். அந்த இரண்டு நாற்றை என்ன செய்வது அண்ணா?

நாற்றங்கால்காரன்
ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு பழுப்பாகி, நூல் மாதிரி இளைத்திருந்தால் அழுகல். அதிக ஈரத்தில் வருவது. அந்த இடம் பச்சையாகவே இருந்தால், அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி வெள்ளை நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். அப்படியானால் அந்த மண்ணில் கத்தரி, தக்காளி, மிளகாய் எதுவும் வேண்டாம்.

உறையூர் மாடி
ஒரு வாரம் ஆயிற்று. முதல் இரண்டு மதியமும் நிழலிலேயே வாடத்தான் செய்தன. கூட ஒரு மக் ஊற்றச் சொல்லிக் கை பரபரத்தது, விட்டுவிட்டேன். அப்புறம் வாட்டம் குறைந்துகொண்டே வந்து, நேற்று மதியம் எட்டுமே நிமிர்ந்து நின்றன. ஆறில் குருத்தில் சுண்டுவிரல் நகமளவு புது இலை. கிள்ளியதற்கும் கிள்ளாததற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பிடுங்கியவற்றில் ஒன்று அழுகல்தான், அடித்தண்டு பழுப்பு. இன்னொன்றில் பழுப்பும் இல்லை, டம்ளரில் வெள்ளையும் இறங்கவில்லை. வலையை இப்போது எடுத்துவிடலாமா?

நாற்றங்கால்காரன்
ஒரேயடியாக எடுக்காதீர்கள். முதல் இரண்டு நாள் பதினோரு மணி வரை வெயில், பிறகு ஒரு மணி வரை, அதற்குப் பிறகு முழு நாள். புது இலை வராத இரண்டும் இன்னும் நிழலிலேயே இருக்கட்டும். வேர் வெளியே வர ஆரம்பித்துவிட்டதால், இனி தண்ணீரைத் தண்டிலிருந்து மூன்று விரல் தள்ளி வட்டமாக ஊற்றுங்கள். உரத்துக்கு இன்னும் பத்து நாள் பொறுங்கள். அந்த இரண்டாவது நாற்று எதனால் போயிற்று என்று எனக்கும் பிடிபடவில்லை. எதற்கும் அந்தப் பையில் கீரை போட்டுவிடுங்கள்.

மல்லிகை வீடு
என் ரோஜாவுக்கு யாருமே பதில் சொல்லவில்லையே?

நாற்றங்கால்காரன்
மன்னிக்கவும் மேடம். உருண்டையை உடைக்க வேண்டாம், உடைத்தால் உள்ளே இருக்கும் கொஞ்ச வேரும் அறுந்துவிடும். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மேல் களிமண் தானாகக் கரையும் வரை விட்டு நட வேண்டும். உங்கள் செடியில் நகத்தால் தண்டைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சையா?